பைண்டர் விழும் முன்னும் பின்னும்

கோவை குறிச்சிப் பக்கம் ஒரு சிறிய பெயின்ட் பட்டறை. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் மட்டும்தான் அங்கே தயாராகிறது. அடக்கவிலைக் கணக்கு எழுதுவது என் தொழில். காகிதத்தில் பார்த்த செலவு தொட்டியில் எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். முதல் கொட்டகையில் அரைக்கும் இயந்திரம். அடுத்த கொட்டகையில் ஒரு தடவைக்கு ஆயிரம் லிட்டர் பெயின்ட் கலக்கும் தொட்டிகள். கடைசியில் வாளிகளில் அடைக்கும் இடம்.

அரைக்கும் இயந்திரத்தை டிஸ்பர்சர் என்கிறார்கள். தொட்டியில் தண்ணீரும், பொடி கட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும் ரசாயனமும், கெட்டியாக்கும் பசையும் போகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே டைட்டானியம், கால்சைட், சைனா கிளே என்று ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டுகிறார்கள். பல் வைத்த வட்டத் தகடு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கலவை கெட்டியாக இருந்தால்தான் பொடிக்குப் பொடி உரசி உடையும். நீர்த்துப்போனால் தகடு சும்மா சுற்றும், பொடி கட்டியாகவே மிதக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து மிக்சிங் மாஸ்டர் ஒரு கத்தி நுனியில் கொஞ்சம் பேஸ்ட் எடுத்தார். ஹெக்மேன் கேஜ் என்ற எஃகுக் கட்டையில், ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் ஆழமே இல்லாமலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஆழமான பக்கம் பேஸ்டை வைத்து, தகட்டால் ஒரே இழுப்பாக இழுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரிடத்திலிருந்து மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கின்றன. அந்த இடத்தின் எண்தான் அரைப்பின் நயம். ஐந்தைத் தாண்டியிருந்தது. “இனி அனுப்பலாமுங்க” என்றார்.

சுவரில் பெயின்டை ஒட்ட வைக்கும் பைண்டர் இதுவரை சேரவில்லை. அக்ரிலிக் பால் போன்ற அந்தத் திரவத்தை முதலிலேயே ஊற்றிவிட்டால் ஒரே தொட்டியில் வேலை முடியாதா என்று கேட்டேன்.

“ஏனுங்க சார், இந்தச் சுத்துல அது தாங்குமுங்களா? பால் திரிஞ்ச மாதிரி திரிதிரியாப் போயிரும். நுரை வேற கெளம்பும். அதுக்குத்தான் அந்தத் தொட்டிக்கு மாத்தி, மெதுவாச் சுத்தவிட்டு ஊத்தறது.”

இந்த இரண்டாவது கட்டத்துக்கு லெட்-டவுன் என்று பெயர். அரைத்த பேஸ்ட் 600 லிட்டர் வந்து சேர்கிறது. பைண்டர், மிச்சத் தண்ணீர், படலம் உருவாக உதவும் கரைப்பான், நுரை அடக்கி எல்லாம் சேர்ந்து 400 லிட்டர். முடிவில் தொட்டியில் 1,000 லிட்டர். செயல்முறை அடக்கவியல் படிக்கிற பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். மற்றப் பல தொழில்களில் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போகும்போது அலகுகள் அப்படியே இருக்கும், அல்லது சேதாரத்தில் குறையும். இங்கே நடுவழியில் அலகுகள் பெருகுகின்றன.

பட்டறையின் கணக்கை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். ஒரு மாதம் அரைப்புத் துறை 6,000 லிட்டர் பேஸ்ட் அனுப்பியது. அதற்கான செலவு ₹4,80,000. லிட்டருக்கு ₹80. அத்தனையும் பெயின்டானால் 10,000 லிட்டர். முன்துறைச் செலவு அதே ₹4,80,000தான், ஆனால் இப்போது அதைத் தாங்குபவை 10,000 லிட்டர். எனவே லெட்-டவுன் தாளில் முன்துறைச் செலவு லிட்டருக்கு ₹48 என்றுதான் எழுத வேண்டும். ₹80 என்று முந்தைய தாளில் பார்த்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் இல்லாத ₹3,20,000 செலவு முளைத்துவிடும். ₹80க்கும் ₹48க்கும் இடையிலுள்ள ₹32 யாருடைய லாபமும் இல்லை. வகுக்கும் எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அளவு கூடினால் லிட்டர் விலை குறைந்துவிடும் என்று முதலாளிகள் பலர் நினைக்கிறார்கள். அது சேர்க்கும் பொருளைப் பொறுத்தது. 6 லிட்டர் பேஸ்டின் செலவு ₹480. சேர்க்கும் 4 லிட்டர் பைண்டர் கலவை ₹360, லெட்-டவுன் கூலியும் மின்சாரமும் ₹60. மொத்தம் ₹900, கையில் 10 லிட்டர், லிட்டர் ₹90. பேஸ்டே ₹80 தானே இருந்தது? சேர்ந்த 4 லிட்டர் ஒவ்வொன்றும் ₹105 சுமந்து வந்தது. அது பேஸ்டை விட விலை கூடியது, அதனால் சராசரி ஏறியது. மலிவு ரகத்தில் பைண்டரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். அந்த 4 லிட்டருக்குப் பொருளும் கூலியும் சேர்த்து ₹240 தான் ஆகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு ₹60, பேஸ்டை விடக் குறைவு. மொத்தம் ₹720, லிட்டர் ₹72. சேர்க்கும் லிட்டர் ஏற்கெனவே இருக்கும் லிட்டரை விட மலிவா, கூடுதலா என்று பார்த்தால் போதும், சராசரி எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்துவிடும்.

மாதக் கடைசியில்தான் சிக்கல் வருகிறது. நான் போயிருந்த அன்று ஒரு தொட்டியில் 600 லிட்டர் பேஸ்ட் வந்து நின்றிருந்தது. ஷிஃப்ட் முடிந்துவிட்டதால் பைண்டர் ஊற்றவில்லை. மற்ற 5,400 லிட்டர் பேஸ்ட் 9,000 லிட்டர் பெயின்டாகி வெளியே போய்விட்டது. கணக்கு எழுதும் தம்பி இருப்பை அளந்து, 9,000 முடிந்தது, 600 பாதியில், மொத்தம் 9,600 அலகு என்று எழுதியிருந்தார். ₹4,80,000ஐ 9,600ஆல் வகுத்தால் லிட்டர் ₹50. முடிந்த பெயின்டுக்கு ₹4,50,000, தொட்டியில் நிற்பதற்கு ₹30,000.

தொட்டியில் நிற்பது பேஸ்ட். அதை அரைத்து முடிக்க லிட்டருக்கு ₹80 செலவாகியிருக்கிறது. 600 லிட்டருக்கு ₹48,000. அது ₹30,000 ஆக முடியாது. பெருகிய லிட்டரையும் பெருகாத லிட்டரையும் ஒரே வரிசையில் கூட்டியதால் ₹18,000 முடிந்த பெயின்டின் தலையில் ஏறிவிட்டது. 9,000 லிட்டரில் லிட்டருக்கு ₹2.

வழி எளிது. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டியில் நிற்கும் 600 லிட்டர் பேஸ்ட் முடியும்போது 1,000 லிட்டர் பெயின்டாகும். எனவே முன்துறைச் செலவுக்கு அதை 1,000 சமான அலகு என்று எடுக்கிறோம். 9,000 கூட்டல் 1,000, மொத்தம் 10,000. லிட்டர் ₹48. நிற்கும் சரக்குக்கு ₹48,000 சரியாக வந்துவிடுகிறது. பைண்டர் கலவைக்கு அந்தச் சரக்கின் அலகு சுழியம், ஏனெனில் ஒரு சொட்டும் விழவில்லை. அந்த மாதம் செலவான ₹3,24,000ம் 9,000 லிட்டருக்குத்தான், லிட்டர் ₹36. கூலியிலும் மின்சாரத்திலும் தொட்டியைக் கழுவி, பேஸ்டை ஏற்றிய வேலை ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததாக மாஸ்டர் சொன்னார். 1,000க்கு 200 அலகு. ₹55,200ஐ 9,200ஆல் வகுத்தால் ₹6. முடிந்த 9,000 லிட்டரும் ₹90 வீதம் ₹8,10,000. நிற்கும் சரக்கு ₹48,000மும் ₹1,200மும் சேர்ந்து ₹49,200. இரண்டையும் கூட்டினால் செலவான ₹8,59,200 மிச்சமில்லாமல் வந்துவிடுகிறது.

எந்தத் தொட்டி எந்த நிலையில் நிற்கிறது என்று கணக்கருக்கு யார் சொல்வது? இருப்புத் தாளில் லிட்டர் மட்டுமே இருந்தது. ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு “பைண்டர் விழுந்ததா?” என்று எழுதச் சொன்னேன். மாஸ்டர் சிரித்தார். “இதைக் கேட்க ஆள் வரணுமுங்களா? எட்டிப் பார்த்தாத் தெரியுமுங்க.” பேஸ்ட் மங்கலாகக் கெட்டியாக நிற்கும், பைண்டர் விழுந்ததும் பளபளப்பு ஏறும். ஆனால் மாதக் கடைசியில் கணக்கர் யாரும் தொட்டியை எட்டிப் பார்ப்பதில்லை.

லிட்டர் என்ற அளவே ஏமாற்றக்கூடியது. அடுத்த தொட்டியில் பைண்டர் ஊற்றி முடித்து, அளவுக் கோலை இறக்கினார்கள். 1,050க்கு மேல் காட்டியது. கணக்கில் இருக்க வேண்டியது 1,000. ஆய்வகத்துப் பெண் 100 மில்லி பிடிக்கும் எஃகுக் கிண்ணத்தில் நிரப்பி, நடுவில் துளையுள்ள மூடியை அழுத்தினார். துளை வழியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டுத் தராசில் வைத்தார். 131 கிராம். 138 இருக்க வேண்டும். ஊற்றிய வேகத்தில் காற்று சிக்கியிருக்கிறது. தொட்டியிலுள்ள சரக்கு 1,380 கிலோ. லிட்டருக்கு 1.31 கிலோ என்றால் 1,053 லிட்டர் மாதிரித் தெரியும். அப்படியே பதிந்தால் ₹90,000 செலவு லிட்டருக்கு ₹85.47 என்று காட்டும். காலையில் நுரை அடங்கியதும் 53 லிட்டர் காணாமல் போயிருக்கும், இரவுக் காவல்காரர் மேல் சந்தேகம் போகும். அதனால் இங்கே சரக்கைக் கிலோவில் எடுத்து, சரியான அடர்த்தியால் வகுத்துத்தான் லிட்டர் எழுதுகிறார்கள்.

அடைக்கும் இடத்தில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். 20 லிட்டர் வாளி ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, வாளி எடை போக 27.6 கிலோ வந்ததும் குழாயை அடைக்கிறார்கள். “கோடு வரைக்கும் ஊத்துனா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும் கண்ணு, தராசு பொய் சொல்லாது” என்றார் மூத்தவர்.

ஆயிரம் லிட்டரில் அன்று 49 வாளியும் ஒரு நாலு லிட்டர் டப்பாவும் வந்தன. 984 லிட்டர். மிச்சம் வடிகட்டித் துணியிலும் தொட்டிச் சுவரிலும் குழாயிலும் ஒட்டிப்போயிற்று. ஒவ்வொரு தொட்டிக்கும் இந்த அளவு ஒட்டும் என்பதால் இது இயல்பான சேதாரம். இதற்குத் தனியாக நஷ்டக் கணக்கு எழுதுவதில்லை. ₹90,000ஐ 984 லிட்டர் தாங்கும்: லிட்டர் ₹91.46. லெட்-டவுனில் கீழே பெரிதான எண் இங்கே சிறிதாகிறது, அவ்வளவே. வழக்கமான பதினாறு லிட்டருக்கு மேல் ஒட்டினால் மட்டும் அதிகப்படியை லிட்டர் விலையில் ஏற்றாமல் லாப நட்டக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். வடிகட்டித் துணியைக் கழுவும் அக்காவிடம் அன்று எவ்வளவு ஒட்டியது என்று கேட்டேன். துணியைப் பிழிந்து காட்டி, “நேத்தைவிடக் கம்மிதானுங்க” என்றார். தாளில் அதை எழுத இன்னும் ஒரு கட்டம் வேண்டியிருந்தது.