தேருக்கு முந்தைய ராத்திரி

விடிந்தால் தேர். மணிக்கூண்டில் ஆறு அடித்ததும் வடம் பிடிப்பதுதான் அந்த ஊர் வழக்கம். கடிகாரமோ மதியம் 12.40-லேயே நின்றுவிட்டது. ஊசலை ஆட்டிவிட்டால் சில நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும்.

“எண்ணெய் விட்டுப் பார்த்தாச்சு தாத்தா. திருவிழா முடிஞ்சதும் பேட்டரி மெஷின் மாட்டப் போறாங்களாம்” என்றான் எலெக்ட்ரீஷியன் பையன்.

வாட்ச் கடைத் தாத்தாவுக்கு வயது 78. படியேறிய மூச்சு அடங்கியதும் கண்ணை மூடிக் கேட்டார். டிக்டக்... டிக்டக்...

“நொண்டுது பாரு. டிக்குக்கும் டக்குக்கும் நடுவுல ஒரே இடைவெளி இருக்கணும். ஒரு பக்கம் சக்கரத்தோட பல் சீக்கிரம் விடுபடுது, மறுபக்கம் லேட்டாகுது. அப்புறம் ஊசல் எப்படி ஓடும்? இங்க யாரு வந்தா?”

“சீரியல் செட் கட்ட பசங்க வந்தாங்க.”

ஏறும்போது யாரோ பிடித்திருக்க வேண்டும். ஊசலைத் தள்ளிவிடும் கம்பி லேசாக வளைந்திருந்தது. தாத்தா அதை மயிரிழை வளைப்பார், கேட்பார். ஒருமுறை அதிகமாகிப்போய் மறுபக்கம் நொண்டியது. அரை மணி நேரத்தில் சத்தம் சீரானது.

வேலை முடியவில்லை. முள்ளை நேராக 10.50-க்குத் தள்ளினால், மணி அடிக்கும் சக்கரம் பின்தங்கிவிடும். காலையில் ஆறுக்குப் பதில் எட்டோ ஒன்பதோ அடிக்கும். அதனால் ஒவ்வொரு மணியிலும் நிறுத்தி, அடித்து முடியக் காத்திருந்தார். ஒன்றிலிருந்து பத்து வரை, மொத்தம் 55 அடி. ஊரே தூக்கம் கலைந்து திட்டியது.

காலையில் தாத்தா தேரடிக்குப் போகவில்லை. கடை வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினார். ஆறாவது அடி ஓய்வதற்குள் அதிர்வேட்டு கிளம்பியது.