கிருஷ்ணர் கண்ணில் விழுந்த பட்டித் தூசி: கொலுவுக்கு முன் வீட்டு வேலையை எந்த வரிசையில் செய்வது?

எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில் நிற்கும் கிருஷ்ணருக்கு இடது கண் கிடையாது. அதற்குக் காரணம் நான்தான்.

2024-ல் மகாளய அமாவாசை அக்டோபர் 2 அன்று வந்தது. காந்தி ஜெயந்தி விடுமுறையும் அதே நாள். திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டு ஹாலில் காலையிலேயே அம்மா ஏழு படி கட்டிவிட்டார். மரப்பாச்சி வைத்தாயிற்று, தசாவதார செட்டும் படியேறியாயிற்று. நான் போட்டோ எடுக்கப் போனை நீட்டினால், கலசத்துக்கு நேர் பின்னால் சுவரில் ஓர் உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் பல்லை இளித்தது. "அரை மணி நேர வேலைம்மா" என்றேன். இரண்டு நாளைக்கு முன்பே பட்டி பூசிக் காயவிட்டிருந்தேன். உப்புத்தாள் தேய்ப்பதுதான் பாக்கி. படிகள் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டுத் தேய்த்தேன்.

தேய்த்து முடித்துப் புடவையை எடுத்தால், பொம்மைகள் எல்லாம் விபூதி பூசிய மாதிரி நின்றன. சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு ஆள் வருவார்களே என்ற பதற்றத்தில் ஈரத் துணியை எடுத்துக் கிருஷ்ணர் முகத்தைத் துடைத்தேன். தூசியோடு கண்ணும் வந்துவிட்டது. அந்த செட் பாட்டி கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கத்தில் வாங்கியது. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியை வாங்கிப் பார்த்தார், மடித்து வைத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்ன தப்பு நடந்தது?

பிறகு எங்கள் தெருவில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தபடியே இரண்டு விஷயம் சொன்னார்.

முதலாவது, பட்டித் தூசி வீட்டுத் தூசி மாதிரி இல்லை. மாவை விட நைஸாக இருக்கும். தேய்க்கும்போது கீழே விழுவது பாதிதான். மீதி காற்றில் மிதந்து, மணிக்கணக்கில் மெதுவாக இறங்கும். புடவையின் நெசவு அதைத் தடுக்காது. நாம் புடவையை உதறி எடுக்கும்போதே அதில் இருந்த தூசியும் பொம்மை மேல் கொட்டும்.

இரண்டாவது, நாம் கடையில் வாங்கும் வால் பட்டியில் வெள்ளை சிமென்ட் இருக்கிறது. காய்ந்த தூசியாக இருக்கும்வரை ஊதினால் போய்விடும். தண்ணீர் பட்டால் பசையாகி ஒட்டிக்கொள்ளும். மண் பொம்மையின் வண்ணமோ, பழைய பொம்மைகளில் பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. ஆக ஈரத் துணி இரண்டு வேலை செய்திருக்கிறது. பட்டியை ஒட்ட வைத்தது, வண்ணத்தைக் கரைத்தது.

அப்படித் தூசி விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். காய்ந்த, மெத்தென்ற பிரஷ்ஷால், அழுத்தாமல், தலையிலிருந்து பாதம் நோக்கித் தட்டிவிட வேண்டும். முகத்துக்குப் பவுடர் போடும் புது பிரஷ் போதும். ஈரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால், பொம்மையின் அடிப்பாகத்தில் ஈரப் பஞ்சை லேசாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மைக்குத் தண்ணீரே ஆகாது.

2025-ல் பின்னாலிருந்து எண்ணினோம்

அடுத்த வருஷம் அமாவாசை செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அன்று படி கட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். விதி ஒன்றே ஒன்று: தூசி கிளப்பும் வேலை முதலில், ஈர வேலை நடுவில், துணியும் பொம்மையும் கடைசியில்.

செப்டம்பர் 13, சனிக்கிழமை. பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கினோம். ஆனால் திறக்கவில்லை. பிளாஸ்டிக் கவர் சுற்றி, வேலை நடக்காத படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். பாட்டிக்குத்தான் ஒரு வாரம் பொறுமையே இல்லை. அதன்பின் பரண், ஒட்டடை, ஃபேன் என்று மேலிருந்து கீழே வந்தோம். ஹாலில் இருந்த திரைச்சீலைகளைக் கழற்றி ஒதுக்கினோம். துவைப்பது இப்போது இல்லை.

சீரியல் லைட்டுக்கும் தோரணத்துக்கும் ஆணி எங்கே வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்து துளை போட்டோம். நிறைய வீடுகளில் இதை மறந்துவிட்டு, புது பெயின்ட் மேல் செங்கல் தூள் வழிய டிரில் போடுகிறார்கள். துளைக்குக் கீழே ஒரு பேப்பரைப் பாதியாக மடித்துப் பை மாதிரி ஒட்டிவிட்டால் தூள் அதிலேயே விழும்.

14, ஞாயிற்றுக்கிழமை. உதிரும் இடத்தைச் சுரண்டினோம். அங்கே நின்றுவிடாமல், கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்ட் வரும்வரை சுரண்ட வேண்டும். மயிரிழை விரிசலைத் தகட்டு முனையால் கொஞ்சம் அகலமாக்கினால்தான் பட்டி உள்ளே இறங்கும். சுரண்டிய இடத்தை ஈரத் துணியால் துடைத்து, முதல் பட்டியை மெல்லிசாகப் பூசினோம். 15-ஆம் தேதி ராத்திரி ஆபீஸ் விட்டு வந்து இரண்டாவது பூச்சு. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு வெடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவரில் உப்புப் பூத்திருந்தால், அதாவது வெள்ளைப் பொடி திரும்பத் திரும்ப வந்தால், பட்டி பார்த்துப் பயனில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கவரின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குழாய்க் கசிவையோ மாடி ஒழுக்கையோ சரிசெய்யாமல் எந்தப் பெயின்டும் அங்கே நிற்காது. இந்த வருஷம் அந்த இடத்தை ஒரு படுதாவால் மறைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

16, செவ்வாய் ராத்திரி உப்புத்தாள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, உள்ரூம் கதவுகளின் அடியில் ஈரத் துணியைச் சுருட்டி அடைத்து, மாஸ்க் போட்டுத் தேய்த்தோம். போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது.

பழைய வீடாக இருந்தால் பழைய பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்ட விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

தேய்த்து முடித்ததும் துடைப்பத்தைத் தொடவில்லை. பெருக்கினால் இறங்கிய தூசி திரும்ப மேலே கிளம்பும். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் காலை ஈரத் துணியால் சுவரையும் தரையையும் துடைத்தோம். வாளித் தண்ணீரை மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. பால் மாதிரியான தண்ணீரிலேயே துடைத்தால் காய்ந்த பின் தரையில் வெள்ளைத் திட்டு தெரியும்.

17 அன்று காலை பிரைமர். சாயங்காலம் முதல் கோட், நாலு மணி நேரம் விட்டு ராத்திரி இரண்டாவது கோட் எமல்ஷன். மிச்சமிருந்த பழைய டப்பா பெயின்டையே வலைத்துணியில் வடிகட்டிப் பயன்படுத்தினோம். ஆனாலும் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத்தான் தெரியும். சுவரில் இருந்த நிறம் வெளுத்திருக்கும், டப்பாவில் இருந்தது வெளுத்திருக்காது. அதனால் கொலு வைக்கும் அந்த ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை முழுசாக அடித்தோம். மூலையில் நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுசாகக் காய்வதற்கு முன்பே உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

18, 19 இரண்டு நாளும் எதுவும் செய்யவில்லை. அட்டவணையில் மிகவும் கஷ்டமான நாட்கள் இவைதான். சாயங்கால மழை வந்தால் காய்வது தள்ளிப்போகும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி.

20, சனிக்கிழமை. ஜன்னல் கம்பி, சுவிட்ச் போர்டு துடைத்து, தரை கழுவி, துவைத்துக் காய்ந்த திரைச்சீலைகளை மாட்டினோம். பிறகு ஒரு சோதனை. கறுப்புத் துணி ஒன்றைப் படி கட்டும் இடத்தில் விரித்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் துணி கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா வெள்ளை வேட்டியைப் படிகளுக்குக் கொடுத்தார்.

ஒட்டாதீர்கள், தொங்கவிடுங்கள்

அப்படியும் ஒரு தப்பு செய்தேன். பின்னணிக்குத் தங்க நிறப் பேப்பர் விசிறிகளை டபுள் சைடு டேப்பால் சுவரில் ஒட்டினேன். எமல்ஷன் தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணியில் காய்ந்துவிடும். ஆனால் சுவரோடு முழுசாக இறுகிப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். முதல் விசிறியைச் சரிசெய்ய இழுத்ததும் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் கையோடு வந்தது. மீதியை ஆணிகளுக்கு நடுவே நூல் கட்டித் தொங்கவிட்டேன். உரிந்த இடத்தின் மேல் பெரிய விசிறி.

அமாவாசை அன்று தர்ப்பணம், சாப்பாடு எல்லாம் முடிந்து படி கட்டினோம். பெட்டியைத் திறந்து பாட்டியே ஒவ்வொரு பொம்மையாகப் பிரஷ்ஷால் தட்டிக் கொடுத்தார். கிருஷ்ணருக்குக் கண் எழுதித் தரும் ஆளைக் கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னேன். "வேண்டாம்டி, இருக்கட்டும்" என்றவர், கிருஷ்ணரைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, ராமரைப் பார்க்கிற மாதிரி வைத்தார். எதிரே நின்று பார்த்தால் ஒரு கண்தான் தெரியும், அது முழுசாக இருக்கிறது.

சாயங்காலம் வந்த பக்கத்து வீட்டு மாமி, "சுவர் பளிச்னு இருக்கே, ஆள் வெச்சு அடிச்சீங்களா?" என்று கேட்டார். பாட்டி என்னைக் காட்டினார்.