முடி சொல்லும் செய்தி

தஞ்சை வட்டாரத்தில் பெண்ணின் மொட்டைத் தலைக்கு ஊர் வைத்திருக்கும் விளக்கங்கள் குறைவு. ஒரு காலத்தில் அக்கிரகாரங்களில் அது கைம்மையின் முத்திரை. இன்று சமயபுரத்துக்கோ வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ நேர்ந்துகொண்ட வேண்டுதல். இரண்டும் இல்லையென்றால் கீமோ. கட்டி மார்பில் இருந்தாலும் அதை ஊருக்கு அறிவிப்பது தலைதான்.

என் பெரியம்மா மகளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கவிருந்தபோது அவள் கேட்டது, "முடி கொட்டாம இருக்க ஒரு தொப்பி இருக்காமே, விசாரிடி" என்பதுதான். உயிரை விட்டுவிட்டு முடியைப் பற்றிக் கேட்கிறாளே என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் விசாரித்தேன்.

தலைமுடியின் வேரில் உள்ள செல்கள் வேகமாகப் பிரிபவை. பிரியும் செல்லைத் தாக்கும் மருந்து புற்றுநோயோடு அவற்றையும் தாக்குகிறது. தலைத்தோலைக் குளிர வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போகும் மருந்து குறையும். குளிர்ந்த செல்லின் இயக்கமும் மந்தமாகும், அதனால் வந்த மருந்தும் அதைக் குறைவாகவே பாதிக்கும். இயந்திரத்திலிருந்து சுமார் மைனஸ் 4 டிகிரியில் குளிர்திரவம் தொப்பிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்பே தொப்பியை மாட்ட வேண்டும். மருந்து முடிந்த பிறகும் அது ரத்தத்தில் சுற்றும் என்பதால், பெரும்பாலான மருந்துகளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை கழற்றக்கூடாது.

இதன் பின்னாலும் ஒரு பெண்ணின் தலை உண்டு. இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பீர் குளிரூட்டிகள் செய்த குடும்பம் பேக்ஸ்மன். அந்த வீட்டுப் பெண் சூ, அன்றிருந்த பழைய வகைக் குளிர்தொப்பி அணிந்தும் முடியை இழந்தார். கணவர் க்ளென், பீரைக் குளிர்விக்கும் நுட்பத்தைத் தொப்பிக்குள் கொண்டுவந்தார்.

நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதை முறைப்படி சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டது. பங்கேற்றவர்கள் 51 பெண்கள். குளிரூட்டிக்கொண்டவர்களில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினருக்கு முடி தங்கியது. குளிரூட்டாதவர்களில் ஒருவருக்கும் தங்கவில்லை. ஆனால் இத்துறையில் 'முடி தங்கியது' என்றால் பாதிக்கும் குறைவாகக் கொட்டியது, விக் தேவைப்படவில்லை என்று பொருள். சீப்பில் கொத்துக் கொத்தாக வருவது வெற்றிக்குள்ளும் அடங்கும். புருவத்துக்கும் இமைக்கும் தொப்பி எதுவும் செய்யாது.

எந்த மருந்து என்பதுதான் பெரிய கேள்வி. பேக்லிடாக்செல் போன்ற டாக்சேன் வகைக்குத் தொப்பி நன்றாக ஈடுகொடுக்கும். டாக்ஸோரூபிசின் என்ற, நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் வகைக்கு வாய்ப்பு வெகுவாகக் குறையும். அக்காவுக்கு முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீதம் நான்கு தடவை சிவப்பு மருந்து. பிறகுதான் வாரம் ஒருமுறை பேக்லிடாக்செல். ஆக, கடினமான பாதி முதலிலேயே வந்தது. மருத்துவர் இதை ஒளிக்காமல் சொன்னார். "பாத்துருவோம்" என்றாள் அக்கா.

முடியை நீரில் நனைத்துப் படிய வைத்து மாட்டினார்கள். முதல் பத்து நிமிடம் நெற்றி பிளப்பதுபோல் வலித்தது என்றாள், பிறகு மரத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் கூடியதால் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து தவறியது. இரவுத் தங்கலுக்கும் செலவானது. பதினெட்டாம் நாள் உதிரத் தொடங்கியது. இரண்டாம் தடவைக்குப் பின் காதோரமும் பிடரியும் அடர்த்தியாகவே இருக்க, உச்சி மட்டும் வட்டமாக வெறுமையானது. அப்படி ஓரிடம் மட்டும் வெறுமையானால் அங்கே தொப்பி தலையோடு ஒட்டவில்லை, இடையில் காற்று இருந்திருக்கிறது என்று பொருள். அங்கே அவள் தலைக்கேற்ற அளவு இல்லை, இருந்ததை மாட்டியிருந்தார்கள். 'என் உடம்பு ஏத்துக்கல' என்று அவள் தன்னைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அளவு பிழை என்று தெரிந்தபோது அவள் முகம் தெளிந்தது.

அத்தோடு தொப்பியை நிறுத்திவிட்டாள். சமயபுரம் போய் மொட்டை அடித்துக்கொண்டாள். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றாள். குறுவை நடவுக்கு ஆள் கூப்பிடப் போனபோது யாரும் அவளைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. "எனக்கு முடி பெருசு இல்லடி. யாருகிட்ட சொல்லணும், எப்பச் சொல்லணும்னு நான்தானே முடிவு பண்ணணும்" என்றாள்.

அவள் கேட்டது அழகை அல்ல என்பது அப்போது உறவினருக்கும் புரிந்திருக்கும். இந்தத் தொப்பியை யோசிக்கும் பெண் கேட்க வேண்டியவை மூன்று: என் மருந்து எது, என் தலைக்குப் பொருந்தும் அளவு இருக்கிறதா, கூடுதல் மணி நேரத்துக்கும் செலவுக்கும் யார் பொறுப்பு? ரத்தப் புற்றுநோய்க்கு இது கூடாது என்பதையும், குளிர் ஒவ்வாத சில ரத்தக் கோளாறுகள் தனக்கு உண்டா என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். பதில்களைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதும் அவள் முடிவே.