காக்கா தாத்தாவான கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் குழந்தை வளர்வதை போனிலேயே பார்க்கும் அப்பா அம்மாக்களுக்குப் பயன்படலாம்.

மகனுக்கு மூன்று வயது. வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில். 1956-ல் கோடு போட்டபோது விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அங்கன்வாடியிலும் மலையாளம்தான்.

அவன் பேசுவது அம்மாவுக்கும் ஆச்சிக்கும் மட்டும்தான் புரியும். மூன்று வயதில் ஒரு குழந்தை பேசுவதில் முக்கால் பங்காவது வெளியாட்களுக்குப் புரிய வேண்டும் என்பார்கள். இவன் பேசியதில் பாதிகூடப் புரியாது. காக்காவைக் காட்டி 'தாத்தா' என்பான். கடைக்குப் போகணும் என்பது 'தடைக்கு' ஆகும். புரியவில்லை என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டு, இழுப்பதை மட்டும் வைத்துக்கொண்டான். மனைவி பயந்தது அதைப் பார்த்துத்தான்.

உடனே ஆலோசனைகள் வந்தன. நாக்கில் வசம்பு தடவு என்றார் ஒருவர். "ரெண்டு பாஷை கேட்டுக் குழம்புது, வீட்டுல தமிழை நிறுத்திடுங்க" என்றார் படித்த ஒருவர். இரண்டாவதைக் கேட்டு நான் உண்மையிலேயே தடுமாறினேன். தமிழை நிறுத்தினால் அவன் ஆச்சியோடு எப்படிப் பேசுவான்?

நிற்க. முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. பேச்சில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அதுதான் முதல் படி. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால்கூடக் குழந்தைக்கு ஒலிகள் மங்கித்தான் கேட்கும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு திருவனந்தபுரம் ஆக்குளத்தில், 1997-ல் தொடங்கிய 'நிஷ்' என்கிற பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. இவனுக்குக் காது சரியாக இருந்தது.

பிறகு பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியே என் மொழிக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டது. "மலையாளத்துல எப்படிச் சொல்றான்?" அங்கேயும் அதேதான். கை என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று, இரண்டிலும் 'தை' என்றான். மொழி குழம்பினால் சொற்கள்தான் இடம் மாறும். இங்கே எந்த மொழியானாலும் 'க' வரவேண்டிய இடத்தில் 'த' வருகிறது. நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தைத் தொட வேண்டிய நேரத்தில், நுனி ஓடிப்போய்ப் பல்லைத் தொடுகிறது. நிறைய குழந்தைகளுக்கு நான்கு வயதுக்குள் இது தானாகவே போய்விடும். இவன் பேசுவதையே விட்டுக்கொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டாம் என்றார். தமிழை நிறுத்தவும் வேண்டாம் என்றார்.

வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம். மீதி ஆறு நாளும் வீட்டில்தான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் இழுத்தால் அவன் ஓடிவிடுவான்.

முதல் விளையாட்டில் பேச்சே கிடையாது, காது மட்டும். இரண்டு சிரட்டை. ஒன்றில் காக்கா படம், மற்றதில் தாத்தா போட்டோ. அம்மா ஏதாவது ஒரு பெயரைச் சொல்வாள், அவன் அந்தச் சிரட்டையில் ஒரு பாட்டில் மூடியைப் போட வேண்டும். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு சொல்வாள், இல்லாவிட்டால் உதட்டையும் நாக்கையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் அடுத்த படி. இவனுக்கு நான்கே நாளில் வந்துவிட்டது. அவன் காதுக்கு இரண்டும் வேறுதான், நாக்குக்கு மட்டும் ஒன்று என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இரண்டாவது, ஒலியைப் பிடிப்பது. மல்லாக்கப் படுத்து உத்தரத்தைப் பார்க்க வேண்டும். படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். தண்ணீர் இல்லாமல் கொப்பளிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். (படுக்கவைத்து நிஜத் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும்.) நுனி மேலே எழுந்தால் அம்மா கழுவிய விரலால் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் லேசாக அமர்த்துவாள். 'கி'யைவிட 'கூ', 'கோ' சுலபம், ஏனென்றால் அந்த உயிருக்கு நாக்கு ஏற்கனவே பின்னால்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் கேட்கும். நாகர்கோவில் பக்கம் போகிற வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனபோதுதான் அவனுக்கு முதல் 'கூ' வந்தது. "மக்கா, இன்னொரு தரம்!" என்று ஆச்சி கத்தியது எனக்குப் போனில் கேட்டது.

மூன்றாவது விளையாட்டில்தான் உண்மையான வேலை. சிரட்டைகள் அதேதான், ஆனால் இப்போது அவன் டீச்சர். அவன் சொல்வான், அம்மா மூடி போடுவாள். அவள் காதில் என்ன விழுந்ததோ அதற்குத்தான் போடுவாள். அவன் காக்காவை நினைத்து 'தாத்தா' என்றால் மூடி தாத்தாவுக்குப் போகும். முதல் நாள் அவன் முகம் சுருங்கியது. 'இல்லே, தாத்தா!' என்று காக்காவைக் காட்டினான். அம்மா திட்டவில்லை, திருத்தவில்லை. "ஓ, காக்காவா? நான் தாத்தான்னுல்ல நெனச்சேன்" என்றாள், அவ்வளவுதான். ஒலி மாறினால் ஆளே மாறிவிடுகிறது என்பது குழந்தைக்கு உறைக்கிற இடம் அது. பிறகு கோடு-தோடு, கட்டு-தட்டு என்று ஜோடிகளைச் சேர்த்தார்கள். தோடுக்கு ஆச்சியின் காது, கோடுக்கு சிலேட்டில் ஒரு கீறல்.

இதில் தவறு செய்தது நான்தான். தினம் போனில் வந்து, "காக்கா சொல்லு, அப்பாவுக்கு காக்கா சொல்லு" என்பேன். மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு ஓடினான். அப்பா வந்தாலே பரீட்சை என்றாகிவிட்டது. கேட்காதீர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றார் பயிற்சியாளர். அவன் 'தாத்தா பறக்குது' என்றால், "ஆமா, காக்கா பறக்குது. காக்கா கறுப்பு. காக்கா எங்க போச்சு?" என்று சரியான சொல்லை நாலு தரம் அவன் காதில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நான் அப்படி மாறிய பிறகு போனை அவனே எடுக்க ஆரம்பித்தான்.

ஊதல் ஊதுவது, மெழுகுவத்தி அணைப்பது, நாக்கைச் சுழற்றுவது என்றும் சிலர் சொன்னார்கள். விளையாட்டுக்குச் சரி. ஆனால் ஊதினால் ஊதத்தான் வரும், 'க' வராது. பேச்சு ஒலி பேசித்தான் வரும்.

எட்டாவது வாரம் போன் வந்தது. மனைவி பதற்றமாக இருந்தாள். "இஞ்ச பாருங்க, இப்போ எல்லாமே க ஆயிட்டு. தாத்தாவைப் பார்த்து காக்கா வந்தாச்சுங்கான். தண்ணிய கண்ணிங்கான்." நானும் பயந்தேன். பயிற்சியாளர் சிரித்தாராம். புதிதாகக் கிடைத்த ஒலியைக் குழந்தை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும், விதி பிடிபட்டதற்கு அதுவே அடையாளம் என்றார். அதே சிரட்டைகளைத் திரும்ப எடுங்கள், இந்தத் தடவை தாத்தா பக்கம் கவனம் வையுங்கள் என்றார். இரண்டு வாரத்தில் அடங்கியது.

இப்போதும் வேகமாகப் பேசினால், கோபம் வந்தால், 'த' திரும்பி வருகிறது. விளையாட்டில் வந்த ஒலி பேச்சில் நிலைக்க மாதக்கணக்காகும், அதனால் சனிக்கிழமைப் பயணம் தொடர்கிறது. ஆனால் போன வாரம் அவன் கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் தானே 'கடலை' கேட்டு, அவரும் ஒரே தடவையில் எடுத்துக் கொடுத்தாராம். யார் கையையும் பிடித்து இழுக்கவில்லையாம்.

தாத்தாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அந்த இரண்டு வாரம் அவன் "காக்கா" என்று கூப்பிட்டது அவருக்குப் பிடித்துவிட்டதாம் :-)