அடிக்கு ஒரு சென்டிமீட்டர்

திங்கள், இரவு

துபாயிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. லால்பேட்டையில் ஒரு தையல்கடை. அனுப்பியவரின் அத்தாவுடைய கடை அது. யாரோ தெருவில் நின்று எடுத்திருக்கிறார்கள். முன்னால் துணி வெட்டுகிற மேசை, அதற்குப் பின்னால் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற பாய், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கழுத்தில் டேப். கொலுவில் வைக்கிற செட்டியார் கடை மாதிரி, கூரை இல்லாமல் மேலிருந்து பார்ப்பதுபோலச் சின்னதாக வரைந்து தர முடியுமா என்று கேட்கிறார். ரூமில் கட்டிலுக்கு எதிரே மாட்டிக்கொள்ளவாம்.

அவர் கேட்பது ஐசோமெட்ரிக் படம். போட்டோவில் தூரத்துச் சாமான் சிறுத்துப்போகும், தரைக்கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். இதில் எதுவும் சிறுப்பதில்லை. கடையின் அகலக் கோடுகள் ஒரு பக்கமும் ஆழக் கோடுகள் மறுபக்கமும் படுக்கைக் கோட்டிலிருந்து 30 பாகை ஏறும். உயரம் நேராக நிற்கும். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். 1822இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபாரிஷ் என்ற பேராசிரியர் இந்த முறைக்கு விதி எழுதினார். பாடத்துக்காக அவர் பூட்டிக் காட்டும் எந்திர மாதிரிகளை, உதவியாளர்கள் படத்தைப் பார்த்தே மறுபடியும் சரியாகப் பூட்ட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இதைக் கையில் எடுத்தார். அழகுக்காகப் பிறந்த முறையல்ல, எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லப் பிறந்தது.

செவ்வாய்

போட்டோவிலிருந்து அளவு பிடிக்க உட்கார்ந்தேன். தரையில் ஓரடி டைல்ஸ். அகலத்தில் எட்டு. ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். முன்னால் இருக்கும் மூன்று டைல்ஸே படத்தில் பாதித் தரையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அளக்கக் கூடாது, எண்ண வேண்டும். சுவரோரம் எண்ணினேன். பத்து. எட்டுக்குப் பத்து கடை.

வலது சுவரில் டைல்ஸ் இல்லை. அங்கே மூலைவிட்டம்தான் கை கொடுக்கும். சுவரின் நான்கு மூலைகளையும் எதிரெதிராகக் கோடு போட்டுச் சேர்த்தால், வெட்டுகிற இடம்தான் சுவரின் உண்மையான நடு. ஹேங்கர் கம்பி நடுவிலிருந்து பின்சுவர் வரை போவதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கோடு போட்டுப் பார்த்தால் நடுவை இன்னும் உள்ளே தள்ளிக் காட்டியது. அப்படியென்றால் கம்பி தொடங்குவது பாதிக்கும் முன்னால்.

மேசைக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கோடும் சொல்லவில்லை. மெஷின் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? பெடல் எங்கே? வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படம், அவருக்குத் தெரிவதை மட்டும்தான் காட்டும். பிள்ளை கேட்பது அந்தக் கடையை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்பது, சிறுவயதில் உள்ளே நின்று பார்த்த கடையை.

வியாழன்

காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் போய் லால்பேட்டையில் இறங்கினேன். பாயிடம் விஷயத்தைச் சொன்னதும் கழுத்திலிருந்த டேப்பையே எடுத்துக் கொடுத்தார்.

மெஷின் இடது சுவரைப் பார்த்து நிற்கிறது. போட்டோவில் மேசையை ஒட்டி இருப்பதுபோலத் தெரிந்தது. நடுவே இரண்டடி இடைவெளி. ஏன் பாய் இப்படித் திருப்பிப் போட்டிருக்கீங்க என்றேன்.

"தெரு வெளிச்சம் இடது பக்கமா விழணும் தம்பி. வலது பக்கமா வந்தா என் கை நிழலே ஊசி மேல விழுந்துடும்."

அந்த இரண்டடியில்தான் அவர் நாள் முழுவதும் சுழல்கிறார். வெட்டின துணியை மேசையிலிருந்து எடுத்து, திரும்பி உட்கார்ந்து தைத்து, எழுந்து பின்னால் இருக்கும் இஸ்திரி மேசைக்குப் போகிறார். ஒரு அடிகூட வீணாகப் போவதில்லை. டைல்ஸில் அந்தப் பாதை மட்டும் பளபளப்புப் போய் மங்கியிருக்கிறது. மேசைக்கு அடியில் வெட்டுத்துண்டுகளை அடைத்த சாக்கு, அதன் பக்கத்தில் செருப்பு. வெறுங்காலால்தான் பெடல் மிதிக்கிறார்.

வெள்ளி

எந்தச் சுவரை எடுத்துவிடுவது என்பதில் காலை முழுவதும் போயிற்று. வலது சுவரை எடுத்தால் பாயின் முதுகுதான் தெரியும். இடது சுவரை எடுத்தால் அவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், மெஷின் முன்னால் வரும், கால்வரை தெரியும். ஆனால் அந்தச் சுவரில் இருக்கும் தொழுகை நேரப் பலகையும் காலண்டரும் போய்விடும். அவற்றைப் பெயர்த்து வேறு சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. இடத்தைச் சொல்லத்தானே இந்தப் படம். இடது சுவரை எடுத்தேன், பலகை இல்லை.

அளவு, அடிக்கு ஒரு சென்டிமீட்டர். எட்டும் பத்தும் பதினெட்டு. 30 பாகையில் சாய்த்தால் படத்தின் அகலம் 15.6 சென்டிமீட்டர் வரும். கடை உயரம் ஒன்பதடி என்பதால் படத்தின் உயரம் 18. ஏ4 தாளில் சுற்றிலும் மூச்சுவிட இடம் இருக்கும்.

சனி

என்னிடம் இருக்கும் மெல்லிய பேனா 0.1 மில்லிமீட்டர். இந்த அளவில் அந்தக் கோடே நிஜத்தில் மூன்று மில்லிமீட்டர் தடிமன். நூலை வரைந்தால் கயிறாகிவிடும். அதனால் நூல் இல்லை, நூல்கண்டு உண்டு. இரண்டங்குலக் கண்டு தாளில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பின்சுவர் அலமாரியில் வரிசையாக வண்ணம் வைத்தேன். தூரத்தில் இருந்தும் அவை சிறுக்கவில்லை என்பதுதான் இந்த முறையின் இனிமை. பாயின் தலை முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை. கண், வாய் எழுத முயன்றால் யாரோ ஆகிவிடுவார். கூன்விழுந்த தோளும் இறங்கிய கண்ணாடியும் டேப்பும் போதும்.

இரண்டு இடத்தில் தப்பு வந்தது. மெஷினுக்கு மேல் தொங்கும் பல்பு இஸ்திரி மேசையில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. கணக்குப் பார்த்தேன். பல்பிலிருந்து மூன்றடி பின்னால், மூன்றடி வலது, மூன்றடி கீழே வந்தால் அந்த மேசையின் பலகை. மூன்றும் சமமாக இருந்தால் இந்தப் படத்தில் இரண்டு இடமும் ஒரே புள்ளியாகிவிடும். பல்பின் ஒயரை விட்டத்திலிருந்து முழுவதுமாக இறக்கி, மெஷின் பலகையில் ஒரு வெளிச்ச வட்டம் போட்டேன். பல்பு தன் இடத்துக்குப் போயிற்று.

இன்னொன்று பெடலுக்கு மேலே இருக்கும் பெரிய சக்கரம். வட்டம் இங்கே நீள்வட்டமாகும். ஓரடிச் சக்கரம் நீளவாக்கில் 1.22 சென்டிமீட்டர், குறுக்கே 0.71. முதலில் செங்குத்தாக நிறுத்தி வரைந்தேன், சக்கரம் நெளிந்துபோனதுபோல இருந்தது. குறுக்கு விட்டம் எப்போதும் அச்சு போகிற கோட்டிலேயே படுக்க வேண்டும். மெஷினின் அச்சு கடையின் ஆழவாக்கில் போகிறது. நீள்வட்டத்தை அந்தச் சாய்வுக்குத் திருப்பியதும் சக்கரம் நிமிர்ந்தது.

ஞாயிறு

வண்ணம் காய்ந்ததும் மறுபடி லால்பேட்டை. துபாய்க்கு அனுப்புமுன் பாயிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியை மேலே ஏற்றி, தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். செருப்பைப் பார்த்துச் சிரித்தார். சாக்கைத் தொட்டார். பிறகு விரல் மெஷினுக்குக் கீழே நின்றது.

"சக்கரத்துக்கு பெல்ட் போடலியே தம்பி. எப்படி ஓடும்?"

பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசையின் ஓரத்திலேயே தாளை வைத்து, பெரிய சக்கரத்திலிருந்து மேலே இருக்கும் சின்னச் சக்கரத்துக்கு இரண்டு கோடு இழுத்தேன்.