மூன்று அட்டை போனது, ஒன்று திரும்பியது

நெய்வேலி நகரியத்தில் மாதக் கடைசி நாள் வந்துவிட்டால், மாலையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் மாலையும் சால்வையும் தயாராக இருக்கும். யாரோ ஒருவர் அன்று பணி ஓய்வு பெறுவார். அப்படி ஒரு மாலையில், ஐந்தாவதாகப் பேசக் காத்திருந்தார் அவர். வயது 52. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. அதுவரை மைக் பிடித்ததே இல்லை.

விடைபெறுகிறவரோடு 26 வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். 'சார்' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, 'அண்ணே'தான். "நீயும் ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்று அண்ணனே கேட்டபோது மறுக்க முடியவில்லை.

பத்து நாளுக்கு முன்பே இரண்டு பக்கம் எழுதிவிட்டார். வாசித்துப் பார்த்தால் ஏழு நிமிடம் வந்தது. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்கிறவர். தாளை வாங்கிப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"நீங்க எத்தனாவது ஆளுங்க?"

"அஞ்சாவது."

"அப்போ இதை அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க. முன்னாடி நாலு பேர் பேசுறதுக்குள்ள பாதி போயிடும்."

வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, வெள்ளைப் பக்கம் வருகிற மாதிரி ஐந்து அட்டைகளாக வெட்டினார் டீச்சர். முதல் அட்டையில் ஆரம்பம், கடைசி அட்டையில் முடிவு. நடுவில் மூன்று விஷயங்கள்: நேரம் தவறாமை, புதிதாக வந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது, ஒரு மழை ராத்திரி. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்கு மேல் இல்லை.

எழுதியதில் 'அதேபோல', 'மேலே சொன்னபடி' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டார். அவருக்குக் காரணம் புரியவில்லை. "ஒரு அட்டையை உருவினா அடுத்தது தனியா நிக்கணும். 'அதேபோல'ன்னு ஆரம்பிச்சா, எதேபோலன்னு ஜனங்க தேடுவாங்க" என்றார் டீச்சர்.

இன்னொரு வேலையும் வைத்தார். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும், அவர் ஒருவர் மட்டுமே பார்த்த ஏதாவது ஒன்றை எழுதச் சொன்னார். முன்பக்கத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பின்பக்கத்தில் இருப்பதை இன்னொருவர் சொல்ல வாய்ப்பு குறைவு. மழை ராத்திரி அட்டையின் பின்னால் அவர் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: தூக்குவாளி.

விழா ஆரம்பித்தது. முதலில் பேசியவர், அண்ணன் 34 வருடத்தில் ஷிப்ட் பஸ்ஸை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்றார். கைதட்டல். இரண்டாவது அட்டை சட்டைப் பைக்குள் போனது. அடுத்து வந்த இளைஞர், "நான் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டதே இவர்கிட்டதான்" என்று கண் கலங்கினார். மூன்றாவது அட்டையும் பைக்குள் போனது. மூன்றாவது பேச்சாளர் அந்த மழை ராத்திரியையே எடுத்துக்கொண்டார். கார்த்திகை மாத மழையில் களிமண் அப்பிக்கொண்டு பெல்ட் வழுக்கி நின்றதையும், ஷிப்ட் முடிந்தும் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் விடியும்வரை ஆட்களோடு நின்று சரிசெய்ததையும் அழகாகச் சொன்னார். இவர் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. உள்ளங்கை வியர்த்தது. இனி ஆரம்பமும் முடிவும்தான் மிச்சம்.

நான்காவதாகப் பேசியவர் பக்கத்து வீட்டுக்காரர். கலகலப்பான மனிதர். சிரிக்க வைத்துக்கொண்டே வந்தவர், "அண்ணே, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது அந்தப் பலா மரத்தை எந்த லாரியில ஏத்துவீங்க?" என்று கேட்டார்.

பாதிப் பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நகரியத்தில் இருப்பவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸும் முடியும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு, கையால் வைத்த மரம், தினமும் கோலம் போட்ட வாசல் எல்லாவற்றையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அண்ணியின் மனதில் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்த இடத்தில் அது பட்டுவிட்டது.

கூட்டம் மாறியதை அவரால் உணர முடிந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே இறக்கினார்கள். பேச்சு முடிந்ததும் கைதட்டல் ஒரு நொடி தாமதமாக, மெலிதாக வந்தது. இப்போது அவர் கையில் இருந்த முதல் அட்டையில் எழுதியிருந்த நகைச்சுவை இது: 'நாளையிலிருந்து அண்ணனுக்கு ஷிப்ட் இல்லை. இனி அண்ணிக்குத்தான் மூன்று ஷிப்ட்டும்.'

பத்து நாளாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்த வரி. அந்த நிமிடத்தில் அதைச் சொல்ல முடியாது. முதல் அட்டையும் பைக்குள் போனது.

இந்த மாதிரி நேரத்தில் நம் மேடைகளில் வழக்கமாக ஒரு வாக்கியம் வரும். "நான் சொல்ல வந்ததையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள்." சொல்லிவிட்டு உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை. அதே விஷயங்களை இன்னும் பத்து நிமிடம் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கூட்டம் பந்தி எப்போது என்று யோசிக்க ஆரம்பித்துவிடும்.

பட்டிமன்றத்தில் கடைசியாகப் பேசுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தினமும் உண்டு. அணிக்கு மூன்று பேர் என்றால், கடைசி ஆள் எழுந்திருக்கும்போது தலைப்பில் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால்தான் அவர்கள் மற்றவர்கள் பேசும்போது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கையில் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். முன்னால் பேசியவர் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தன் பேச்சைத் தொடங்குவார்கள். பழைய விஷயமே வேறு பக்கத்திலிருந்து பார்க்கும்போது புதிதாகிவிடும்.

அவருக்குப் பட்டிமன்ற அனுபவமெல்லாம் இல்லை. ஆனால் பைக்குள் போன மழை ராத்திரி அட்டையின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் வெளியே எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டார்.

பெயர் கூப்பிட்டார்கள். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கும் வரிசையை முன்னால் நான்கு பேர் சொல்லியாகிவிட்டது. அவர் "எல்லாருக்கும் வணக்கம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு மூன்றாவதாகப் பேசியவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த மழை ராத்திரியில அண்ணன் சுரங்கத்துல நின்னதை அண்ணாச்சி சொன்னாரு. அன்னைக்கு நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். அப்ப வீட்டுல போன் கிடையாது. 'நீ போய் உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டு வா'ன்னு அண்ணன் என்னைத்தான் அனுப்புனாரு. நனைஞ்சுகிட்டே போயி அந்தப் பலா மரத்தடியில சைக்கிளை நிறுத்துனேன். அண்ணன் வரலைன்னு சொன்னேன். ஏன்னு கேக்கல அண்ணி. 'எத்தனை பேர் இருக்கீங்க?'ன்னு கேட்டாங்க. ஒன்பது பேருன்னேன். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ரவை வாங்கிட்டு வந்து, ராத்திரி பதினொன்றரைக்கு உப்புமா கிண்டுனாங்க. ரெண்டு தூக்குவாளி நிறைய. நாங்க ஒன்பது பேரும் அதைச் சாப்பிட்டுத்தான் விடியறவரைக்கும் நின்னோம். பெல்ட்டு ஓடுனதை எல்லாரும் பாத்தாங்க. அந்தத் தூக்குவாளியைப் பாத்தது நாங்க ஒன்பது பேருதான்."

பேசும்போது அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருப்பவரைப் பார்த்துப் பேசினால் கூட்டம் முழுவதும் திரும்பி அவரையே பார்க்கும். அண்ணனைப் பார்த்தே பேசினார். குவார்ட்டர்ஸ் பற்றிய வார்த்தையை அவர் விலக்கவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் இல்லை. கேலியில் வந்த மரத்தை நன்றியின் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

முடிவு அட்டையில் இருந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசித்தார்: "அண்ணே, நீங்க எங்க குடிபோனாலும் அட்ரஸ் சொல்லுங்க. நாங்க ஒன்பது பேரும் சாப்பிட வருவோம்." நடுவில் எது மாறினாலும் எங்கே போய் இறங்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஏழு நிமிடப் பேச்சு மூன்று நிமிடத்தில் முடிந்தது. அண்ணி முந்தானையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது நண்பர் ஒருவர், "எப்படிப்பா அந்த நிமிஷத்துல தோணுச்சு?" என்று கேட்டார். அவர் சிரித்து மழுப்பினார். இரவு வீட்டில் டீச்சர்தான், தன் மாணவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் கதையைச் சொன்னார்.

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவிடத்தின் முன் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். நாள் முழுக்கப் பலர் பேசி, பாடி முடித்த பிறகு, கடைசிப் பகுதியில் அவர் முறை வந்தது. கையில் எழுதிய உரை இருந்தது. அதன் இறுதிப் பகுதியை நெருங்கும்போது, அன்று அதே மேடையில் பாடியிருந்த மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் எழுதியதை விட்டுவிட்டுக் கனவைப் பற்றிப் பேசினார். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான்.

"ஆனா அது அந்த நிமிஷத்துல முளைச்சது இல்லைங்க" என்றார் டீச்சர். "ரெண்டு மாசம் முன்னாடி ஜூன்ல டெட்ராய்ட் நகரத்துலயும் அவர் அந்தக் கனவைப் பத்திப் பேசியிருக்கார். கைவசம் இருந்ததாலதான் எடுக்க முடிஞ்சது. உங்களுக்குத் தூக்குவாளி இருந்த மாதிரி."

தூக்குவாளி இல்லாமல் போயிருந்தால்? அதையும் அவர் கேட்டார். "அப்போ வணக்கம் சொல்லி, முடிவு அட்டையை மட்டும் வாசிச்சிட்டு இறங்கியிருக்கணும். ஒரு நிமிஷப் பேச்சை யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார் டீச்சர்.

சில வாரங்கள் கழித்து, அண்ணன் வீடு காலி செய்யும் நாளில் சாமான் கட்ட அவரும் போயிருந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேடையில் சொல்லாமல் விட்ட அந்த மூன்று ஷிப்ட் நகைச்சுவையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "இனிமேதானா? முப்பத்திநாலு வருஷமா எனக்கு மூணு ஷிப்ட்தாம்ப்பா!"