எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு வரி

சென்ற ஆண்டு என் அண்ணாவுக்கு லாப்ராஸ்கோப்பி முறையில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எஸ்டிமேட் 95,000 ரூபாய். வீட்டுக்குப் புறப்படும் நாளில் வந்த பில்லோ 1,31,000! வித்தியாசம் முழுவதும் ஒரே வரியில் இருந்தது: ‘டாக்கர் – 2, ரூ. 36,000.’ அது என்ன பண்டம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணியின் நான்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின.

அண்ணா மகன் இரவோடு இரவாக நான்கு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தான். ‘பகற்கொள்ளை’ என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. நடை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பில் போடும் குமாஸ்தா அதற்கு என்ன பதில் எழுதுவார், பாவம்!

ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே தலை நரைத்த நண்பர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனேன்.

“தம்பி, குடல் பிதுங்கும் இடத்தில் உள்ளே ஒரு வலை வைக்கிறார்கள். அது நகராமல் சின்னஞ்சிறு ஆணிகளால் பொருத்தும் கருவிதான் டாக்கர். ஒன்றிலேயே பதினைந்தோ முப்பதோ ஆணி இருக்கும். உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம்தானே? இரண்டு எதற்கு என்று கேள். உபயோகித்த கருவியின் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். அதில் பாட்ச் நம்பர் இருக்கும். பில்லில் இரண்டு என்றால் அங்கேயும் இரண்டு ஸ்டிக்கர் வேண்டுமல்லவா?”

நான்கு பக்கம் அரைப் பக்கமாயிற்று. பில் எண், தேதி, அந்த ஒரு வரி. அதன்கீழ் மூன்றே கேள்விகள். எத்தனை டாக்கர் உபயோகமாயிற்று, அவற்றின் ஸ்டிக்கர் எங்கே? பெட்டியில் அச்சிட்ட விலை என்ன? எஸ்டிமேட்டில் இது ஏன் இல்லை? கூடவே ஆபரேஷன் குறிப்பின் நகலும் கேட்டிருந்தான். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளின்படி, நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அத்தகைய குறிப்புகளைத் தர வேண்டும் என்பதையும் நண்பர் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் இருந்ததாம். மற்றது பிரிக்கப்படாமலே மருந்துக் கடைக்குத் திரும்பியிருக்கிறது. திரும்பியதைக் கணக்கில் ஏற்ற மறந்துவிட்டார்களாம். 18,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள்.

மீதி 18,000? எஸ்டிமேட்டின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘உள்ளே பொருத்தும் சாதனங்களுக்குத் தனிக் கட்டணம்’ என்றிருந்தது. பக்கத்திலேயே அண்ணா மகனின் கையெழுத்து! அச்சிட்ட விலைக்கு மேல் போடவில்லை என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டோம்.

அண்ணியின் வளையல்களில் இரண்டு அந்த வாரமே திரும்பி வந்தன.